முடிந்த படத்தைப் பிறகு திருத்தும்படி வைப்பது: எந்த ஃபார்மட்டில்?

படம் முடிந்துவிட்டது, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அதை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், ஒருநாள் எடுத்துத் திருத்தவும் முடிய வேண்டும். அதற்கு எந்த ஃபார்மட் என்பதுதான் இங்கே பேச்சு. புராஜெக்ட் ஃபைலும் ஷூட் செய்த மூலக் காட்சிகளும் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். அவற்றையும் வைத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சில வருடம் கழித்து அந்த புராஜெக்டைத் திறந்தால் ஏதாவது ஒரு ப்ளக்இன் இல்லாமல் போயிருக்கும், டைட்டிலுக்குப் போட்ட எழுத்துரு கணினியில் இருக்காது, மென்பொருளே கலரைக் கணக்கிடும் விதத்தை மாற்றியிருக்கும். திறக்கும், ஆனால் அன்று நீங்கள் சரி என்று சொல்லி முடித்த அதே படமாக இருக்காது. அதனால் முடிந்த வடிவத்தையே ஒரு தரமான ஃபைலாக எடுத்து வைக்கிறோம். அதற்கு ஏற்ற கோடெக்குகளை, அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் முறைகளைத்தான், இடைநிலைக் கோடெக் என்கிறோம். கேமராவுக்கும் பார்வையாளருக்கும் நடுவில் நிற்பவை, எடிட் செய்வதற்கென்றே உருவானவை.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வசதி. 50 நிமிட ஆவணப்படம், 1920x1080, விநாடிக்கு 25 ஃப்ரேம், சாதாரண எஸ்டிஆர் கலர். மூன்று வருடம் கழித்து மூன்று வேலைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, டைட்டில்களை வேறு மொழியில் போட வேண்டும். இரண்டு, 10 நிமிடத்துக்குச் சுருக்கிக் கேட்கிறார்கள். மூன்று, அந்தி வானம் வரும் ஒரு நீண்ட ஷாட் மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் தூக்கிக் காட்ட வேண்டும். எந்த ஃபைல் இந்த மூன்றையும் தாங்கும்?

கொடுத்த எம்பி4-ஐயே வைத்துக்கொண்டால்?

நிறையப் பேர் செய்வது இதுதான். 50 எம்பிபிஎஸ்-இல் எச்.264 எடுத்திருந்தால் 50 நிமிடத்துக்கு 19 ஜிபி-க்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். சிக்கல், அதைத் தொடும்போதுதான் தெரியும்.

வான ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி எடுக்கும் எச்.264 ஃபைல் பெரும்பாலும் 8 பிட். அதில் கறுப்பு 16, வெள்ளை 235, ஆக நடுவே இருப்பது 219 படிகள் மட்டும். அந்தி வானம் இடமிருந்து வலமாக மெல்ல மாறுகிறது, அந்த மாற்றம் 150-இலிருந்து 170 வரை என்றால் 1920 பிக்ஸல் அகலத்துக்கு 20 படிகள்தான் கிடைக்கின்றன. ஒவ்வொரு படியும் 96 பிக்ஸல் அகலமான ஒரு பட்டை. அப்படியே விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கான்ட்ராஸ்டை இரு மடங்காக்கினீர்கள் என்றால் பட்டைகளின் எண்ணிக்கை அதேதான், ஒவ்வொன்றுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் மட்டும் இரண்டு மடங்காகிவிடும், வானம் பட்டை பட்டையாகத் தெரியும். 10 பிட் ஃபைலில் அதே வானத்துக்கு 80 படிகள், ஒவ்வொன்றும் 24 பிக்ஸல். அதே அளவு தூக்கினாலும் தாங்கும். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: இந்தப் பட்டைகளை இயல்பாக மறைப்பது படத்தில் இருக்கும் மெல்லிய நாய்ஸ். எச்.264 முதலில் தூக்கி எறிவதே அதைத்தான், பிட்ரேட்டை மிச்சப்படுத்த அதுதான் வழி.

"என் கேமராவே 8 பிட், அப்புறம் 10 பிட்டில் எடுத்து என்ன லாபம்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். கேமராவில் எடுத்ததை அப்படியே தொடாமல் வைப்பதாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் முடிந்த படம் அது இல்லை. கிரேடிங் செய்திருக்கிறீர்கள், ஃபேட் போட்டிருக்கிறீர்கள், எங்கோ ஒரு மங்கல், எங்கோ ஓரங்களை இருட்டாக்கியிருக்கிறீர்கள். மென்பொருள் இதையெல்லாம் உள்ளே மிக நுணுக்கமான எண்களில் கணக்கிடுகிறது, அதனால் கேமராவில் இல்லாத இடைப்பட்ட மதிப்புகள் நிறையப் பிறக்கின்றன. 8 பிட்டில் ரெண்டர் செய்தால் அவையெல்லாம் அந்த இடத்திலேயே போய்விடும்.

10 நிமிடச் சுருக்கத்துக்கு வருவோம். எச்.264 ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக வைப்பதில்லை. ஒரு முழு ஃப்ரேம், அதன்பின் நீளமாக "முன்னதிலிருந்து என்ன மாறியது" என்ற குறிப்புகள். x264 என்கோடரின் இயல்பான அமைப்பில் முழு ஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை இடைவெளி இருக்கலாம், அதாவது நம் படத்தில் 10 விநாடி. அதனால் நினைத்த இடத்தில் வெட்டி அப்படியே நகல் எடுக்க முடியாது, மொத்தத்தையும் திரும்ப என்கோட் செய்ய வேண்டும். ஏற்கெனவே இறுக்கமாகச் சுருக்கியதை மறுபடி சுருக்குகிறோம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். எச்.265 10 பிட்டில் எடுத்தால் வானப் பிரச்சினை குறையும் என்பது உண்மை, ஆனால் இந்த இரண்டாவது பிரச்சினை அப்படியே இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரு நகலாக எம்பி4 இருக்கட்டும், மாஸ்டராக வேண்டாம்.

புரோரெஸா, டிஎன்எக்ஸா?

உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. ஆப்பிளின் புரோரெஸ் 2007-இல் வந்தது. அவிடின் டிஎன்எக்ஸ் குடும்பம் அதற்கும் முன்பே, 2004-இல் டிஎன்எக்ஸ்எச்டி என்று தொடங்கி, 4கே வந்தபோது 2014-இல் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆனது. இரண்டுமே ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்குபவை, இரண்டிலும் 10 பிட் உண்டு, நிறத் தகவலைக் கிடைமட்டத்தில் பாதியாக வைக்கும் 4:2:2-உம் உண்டு. நம் ஆவணப்படத்துக்கு புரோரெஸ் 422 எச்க்யூ சுமார் 184 எம்பிபிஎஸ், ஆக 50 நிமிடம் 69 ஜிபி. டிஎன்எக்ஸின் அதே தர நிலையும் கிட்டத்தட்ட இதே அளவுதான். தரத்திலும், கண்ணால் பார்த்துச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எனவே எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் எடிட்டிங் மென்பொருள் எதைச் சிக்கலில்லாமல் எழுதுகிறதோ, வேலையை வாங்குபவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அது. நீண்ட கால நிலைப்பை வைத்து ஒன்றை ஒதுக்க முடியாது. புரோரெஸ் ஒரு நிறுவனத்தின் சொத்துதான், ஆனாலும் அதன் பிட் அமைப்பு RDD 36 என்ற பெயரில் எஸ்எம்பிடிஇ ஆவணமாக வெளிவந்திருக்கிறது. டிஎன்எக்ஸ் VC-3 என்ற தரநிலையாகவே இருக்கிறது. இரண்டையும் படிக்கும் திறந்த மூல டிகோடர் எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கிறது. நாளைக்கே இரண்டு நிறுவனங்களும் கையை விரித்தாலும் ஃபைல் திறக்கும்.

டிஎன்எக்ஸ் எடுப்பவர்கள் மட்டும் ஒரு இடத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். மெனுவில் `DNxHR HQ` என்றும் `DNxHR HQX` என்றும் இரண்டு வரும். பெயரைப் பார்த்தால் புரோரெஸ் எச்க்யூவுக்கு இணை முதலாவதுதான் என்று தோன்றும், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் `HQ` 8 பிட். 10 பிட் வேண்டுமென்றால் `HQX`தான். தவறாக எடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது, ஃபைல் பெரிதாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும், மூன்று வருடம் கழித்து வானத்தைத் தூக்கும்போதுதான் பட்டை தெரியும். எக்ஸ்போர்ட் முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் `ffprobe`-இடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 \
 -show_entries stream=codec_name,profile,pix_fmt,color_range,color_transfer \
 master.mov
```

`pix_fmt` வரியில் `yuv422p10le` என்று வந்தால் 10 பிட். வெறும் `yuv422p` என்று வந்தால் 8 பிட், திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

புரோரெஸில் எச்க்யூ வேண்டுமா, சாதாரண 422 போதாதா? அதுவும் 10 பிட்தான், 122 எம்பிபிஎஸ், நம் படத்துக்கு 46 ஜிபி. தினசரி நிகழ்ச்சிகள், பேட்டிகள், வகுப்புப் பதிவுகள் என்று நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர்ப்பவர்கள் தாராளமாக 422 எடுக்கலாம். ஃபிலிம் கிரெய்ன், மழை, அசையும் இலைகள், கூட்டம் என்று நுணுக்கம் அதிகம் உள்ள படத்துக்கு எச்க்யூ. 50 நிமிடத்துக்கு மிச்சமாவது 23 ஜிபி, ஒரே ஒரு மாஸ்டருக்கு அதைப் பார்த்துத் தரத்தைக் குறைக்க எனக்கு மனம் வராது. புரோரெஸிலேயே இன்னும் சின்ன வகைகளான எல்டி, பிராக்ஸி இரண்டும் எடிட்டின்போது பயன்படுத்தத்தான், சேமிப்புக்கு அல்ல.

இப்போது அந்த 10 நிமிடச் சுருக்கம் எப்படி நடக்கிறது பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் முழுமையானது என்பதால் எந்த ஃப்ரேமிலும் வெட்டலாம், வெட்டிய துண்டைத் திரும்ப என்கோட் செய்யாமல் அப்படியே எடுக்கலாம்:

```
ffmpeg -ss 00:12:00 -i master.mov -t 90 \
 -map 0:v -map 0:a -c copy part.mov
```

12-ஆவது நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம், ஒரு பிட் கூட மாறாமல். மாற்றாத ஃப்ரேம்களை அப்படியே நகல் எடுத்துவிட்டு, தொட்ட ஃப்ரேம்களை மட்டும் ரெண்டர் செய்யும் வசதி சில எடிட்டிங் மென்பொருள்களிலும் இருக்கிறது. டைம்லைனும் எக்ஸ்போர்ட்டும் மாஸ்டரின் அதே கோடெக், அதே அளவு, அதே ஃப்ரேம் ரேட் என்று ஒத்துப்போனால்தான் அது வேலை செய்யும். அப்படிச் செய்தால் டைட்டில் மாற்றிய புது மாஸ்டரில் பெரும்பகுதி பழைய மாஸ்டரின் அதே பிட்களாகவே இருக்கும்.

திரும்ப என்கோட் செய்தே ஆக வேண்டுமென்றாலும் இந்தக் கோடெக்குகள் நன்றாகத் தாங்குகின்றன. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எண்களாக்கித் தோராயப்படுத்துவதுதான் இவற்றின் வழி. இழப்பின் பெரும்பகுதி முதல் முறையே முடிந்துவிடுகிறது. அடுத்த முறை அதே கட்டங்கள் அதே இடத்தில் விழுந்தால், ஏற்கெனவே தோராயப்படுத்திய எண்கள் மீண்டும் ஏறக்குறைய அதே எண்களாகவே வருகின்றன. ஆனால் படத்தை ஒரு பிக்ஸல் நகர்த்தினாலோ 2 சதவீதம் பெரிதாக்கினாலோ கட்டங்கள் இடம் மாறிவிடும், இழப்பு புதிதாகத் தொடங்கும். அதனால் மாஸ்டரிலிருந்து திருத்தும்போது தேவையில்லாமல் ஷாட்டை ஜூம் செய்யாதீர்கள்.

4444 எப்போது?

புரோரெஸ் 4444 என்பது நிறத்தையும் முழு அளவில் வைக்கும், 12 பிட் வரை போகும், எந்த இடம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபாவும் உண்டு. நம் படத்துக்கு சுமார் 275 எம்பிபிஎஸ், 103 ஜிபி. 4:2:2-இல் நிறத் தகவல் கிடைமட்டத்தில் பாதிதான். கேமராவில் எடுத்த காட்சிக்கு அந்தப் பாதி பெரும்பாலும் உறுத்தாது. கணினியில் வரைந்ததற்கு உறுத்தும்: கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அனிமேஷன், திரைப்பதிவு. எழுத்தின் செங்குத்து ஓரத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பு ஒரு பிக்ஸல் வெளியே கசிந்திருப்பது தெரியும். எச்டிஆர் மாஸ்டருக்கும் நான் 4444-ஐத்தான் சொல்வேன். எச்டிஆரின் பிக்யூ முறை அதே எண்களை மிகப் பெரிய வெளிச்ச வீச்சுக்குப் பங்கிடுவதால் 10 பிட் அங்கே விளிம்பில்தான் நிற்கிறது.

நம் ஆவணப்படம் இந்த எதிலும் சேராது, அதன் டைட்டில்கள் மட்டும்தான் கிராஃபிக்ஸ். அதற்காக 50 நிமிடத்தையும் 4444-இல் எடுக்க வேண்டியதில்லை. படத்தை எச்க்யூவில் எடுங்கள், டைட்டில்களை மட்டும் ஆல்ஃபாவோடு 4444-இல் தனியாக ரெண்டர் செய்து பக்கத்தில் வையுங்கள்.

சினிஃபார்மைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல கோடெக், வேவ்லெட் முறை, VC-5 என்ற தரநிலை, 2017-இல் கோப்ரோ அதன் மூல நிரலைத் திறந்தும் விட்டது. ஆனால் மாஸ்டர் வாங்கும் இடங்களில் புரோரெஸ் அளவுக்கு அதை யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே அதில் வேலை செய்பவர்கள் தொடரலாம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதில் தனியாக ஒரு லாபம் இல்லை.

துளியும் இழக்காத எஃப்எஃப்வி1

ஆவணக் காப்பகங்கள் விரும்பும் வழி இது. எஃப்எஃப்வி1 கணிதரீதியாக இழப்பே இல்லாதது, யாருடைய அனுமதியும் வேண்டாம், 2021-இல் RFC 9043 ஆக வெளிவந்தது. படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வகையைப் பெட்டி என்றால், இதைப் பொதுவாக எம்கேவி பெட்டியில் வைப்பார்கள். சுருக்காத 10 பிட் 4:2:2 நம் படத்துக்கு v210 வடிவில் சுமார் 415 ஜிபி ஆகும். எஃப்எஃப்வி1 அதைப் பாதிக்குக் கொண்டுவரலாம், சுத்தமான படம் என்றால் இன்னும் கீழே. கிரெய்ன் அதிகமானால் அளவு ஏறும், முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆக புரோரெஸ் எச்க்யூவைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு ஃப்ரேமையும் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை உள்ளேயே எழுதி வைக்கலாம். பத்து வருடம் கழித்து டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டிருந்தால், எந்த ஃப்ரேமில் எந்தத் துண்டில் என்று டிகோடர் சொல்லிவிடும். புரோரெஸில் இது இல்லை.

```
ffmpeg -i master_v210.mov -map 0:v -map 0:a \
 -c:v ffv1 -level 3 -g 1 -slices 16 -slicecrc 1 \
 -c:a copy master.mkv
```

மாற்றியது சரியா என்று நம்பிக்கையின் பேரில் விட வேண்டாம். இரண்டு ஃபைலுக்கும் இதை ஓட்டுங்கள், வரும் எண் ஒன்றாக இருக்க வேண்டும்:

```
ffmpeg -v error -i master_v210.mov -map 0:v -f md5 -
ffmpeg -v error -i master.mkv -map 0:v -f md5 -
```

அப்படியானால் எல்லோரும் இதையே எடுக்கலாமே? இரண்டு காரணங்கள் தடுக்கின்றன. முதலாவது, பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் எஃப்எஃப்வி1-ஐ நேரடியாகத் திறப்பதில்லை. திருத்த வேண்டிய நாளில் முதலில் புரோரெஸுக்கோ டிஎன்எக்ஸுக்கோ மாற்ற வேண்டும், டிகோட் செய்வதும் மெதுவாகத்தான் நடக்கும். அவசரமாக ஒரு டைட்டிலை மாற்றிக் கேட்கும் நேரத்தில் இது கடுப்பேற்றும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: மாஸ்டரை ஏற்கெனவே புரோரெஸ் எச்க்யூவாக ரெண்டர் செய்துவிட்டு, அதை எஃப்எஃப்வி1-ஆக மாற்றினால் தரம் இம்மியும் கூடாது, ஃபைல்தான் பெருக்கும். டைம்லைனிலிருந்து நேராக v210 அல்லது படத் தொடராக எடுத்து, அதிலிருந்து மாற்றினால்தான் அர்த்தம். அதற்கு அந்த 415 ஜிபி தற்காலிக இடம் வேண்டும்.

பழைய டேப்பை டிஜிட்டல் ஆக்குகிறீர்கள், மூலம் அழிந்துகொண்டிருக்கிறது, இது ஒன்றுதான் கடைசிப் பிரதி என்றால் எஃப்எஃப்வி1-ஐ யோசிக்காமல் எடுங்கள். ஃபிலிமை மீட்டெடுத்து சுத்தம் செய்த மாஸ்டருக்கும் அதுவே. நம் ஆவணப்படம் போல, அடிக்கடி எடுத்துத் தொடப்போகிற படத்துக்கு எச்க்யூ. சுருக்காத v210-ஐ நிரந்தரமாக வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, அதே பிட்களை எஃப்எஃப்வி1 பாதி இடத்தில் கொடுக்கும்போது.

கோடெக் சரி, உள்ளே என்ன இருக்கிறது?

டைட்டிலை வேறு மொழியில் மாற்ற வேண்டும் என்று சொன்னோம் இல்லையா, அதற்கு எந்தக் கோடெக்கும் உதவாது, எழுத்து படத்தோடு ஒட்டிப்போயிருந்தால். எழுத்தில்லாத ஷாட்கள் வேண்டும். மொத்தப் படத்தையும் எழுத்தில்லாமல் இன்னொரு முறை எடுத்தால் இன்னொரு 69 ஜிபி. அதைவிட, எழுத்து வரும் ஷாட்களை மட்டும் எழுத்தில்லாமல் எடுத்து, படம் முடிந்ததும் கொஞ்சம் கறுப்பு விட்டு, அதே ஃபைலின் வாலில் வரிசையாகச் சேர்த்துவிடுவது பழைய நல்ல வழக்கம். எழுத்து வரும் ஷாட்கள் மொத்தம் 4 நிமிடம் என்றால் கூடுதலாக 5.5 ஜிபிதான். ஷாட்டின் தொடக்கமும் முடிவும் படத்தில் இருப்பதோடு ஃப்ரேம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு விழும் இடத்தில் ஒரு துள்ளல் வரும்.

ஒலியும் அப்படித்தான். முழு மிக்ஸை மட்டும் வைத்திருந்தால் 10 நிமிடச் சுருக்கத்தில் பேச்சை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் இசையும் சேர்ந்து வெட்டுப்படும். பேச்சு, இசை, மற்ற ஒலிகள் மூன்றையும் தனித்தனி ஸ்டீரியோ ஸ்டெம்களாக, முழு மிக்ஸோடு சேர்த்து எட்டு டிராக்காக அதே ஃபைலில் வையுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்-இல் ஒரு டிராக் 50 நிமிடத்துக்கு 432 எம்பி, எட்டும் சேர்ந்து 3.5 ஜிபி. 69 ஜிபி படத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை, ஆனாலும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று ஸ்டெம்களையும் கூட்டினால் முழு மிக்ஸ் வர வேண்டும். மிக்ஸின் ஃபேஸைத் தலைகீழாக்கி ஸ்டெம்களோடு சேர்த்து ஓட்டினால் அமைதி கிடைக்க வேண்டும். கடைசியில் மொத்த மிக்ஸுக்கும் போட்ட லிமிட்டர் ஸ்டெம்களில் இல்லையென்றால் சத்தமான இடங்களில் மட்டும் ஏதோ கேட்கும், அது பரவாயில்லை. ஒரு வசனமே கேட்டால் அது ஸ்டெம்மில் விட்டுப்போயிருக்கிறது.

எடுத்த ஃபைலைச் சோதிப்பது

புராஜெக்ட் இன்னும் திறந்திருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. மாஸ்டர் ஃபைலை அதே டைம்லைனில், முடிந்த எடிட்டுக்கு மேலே, ஃப்ரேம் ஒத்துப்போகும்படி வைத்து, கலப்பு முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். திரை கறுப்பாகிவிடும். அதன் மேல் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். நுணுக்கமான இடங்களில் மட்டும் மெல்லிய புள்ளிகள் மினுமினுத்தால் அது சுருக்கத்தின் இழப்பு, இயல்பானது. உருவங்களின் ஓரங்கள் கோடுகளாகத் தெரிந்தால் அளவு மாறியிருக்கிறது அல்லது ஒரு ஃப்ரேம் தள்ளியிருக்கிறது. படம் முழுக்கச் சாம்பலாக, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்து தெரிந்தால் ரேஞ்ச் அல்லது காமா குழப்பம்: 16 முதல் 235 வரை இருக்க வேண்டியது முழு ரேஞ்சாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது எழுதியது சரியாக இருந்து ஃபைலில் இருக்கும் குறி தவறாக இருக்கலாம். மேலே ஓட்டிய `ffprobe` பட்டியலில் `color_range`, `color_transfer` இரண்டையும் பார்த்தால் எது என்று பிடிபடும். எஸ்டிஆர் எச்டி படத்துக்கு `tv`, `bt709` என்று இருக்க வேண்டும்.

எம்ஓவி பெட்டிக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படும். வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போது கடைசியில் துண்டிக்கப்பட்டால் அந்த 69 ஜிபி-யும் திறக்காது, எஃப்எஃப்எம்பெக்கில் `moov atom not found` என்று வரும். அதனால் இரண்டு பக்கமும் செக்சம் எடுத்து ஒப்பிடுங்கள், முதல் வரி மூல ஃபோல்டரில், இரண்டாவது வரி அந்த `.sha256` ஃபைலையும் சேர்த்து நகல் எடுத்த ஃபோல்டரில்:

```
sha256sum master.mov > master.sha256
sha256sum -c master.sha256
```

புரோரெஸுக்குள்ளேயே சரிபார்ப்பு எண் இல்லை என்று சொன்னேனே, அந்தக் குறையை ஈடுகட்டுவதும் இந்தச் சின்ன ஃபைல்தான். ஏதோ கெட்டிருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டாவது டிஸ்க்கில் நல்ல பிரதி இருந்தால் அதுவே போதும்.

ஆக நம் ஆவணப்படத்துக்கு நான் எடுத்து வைப்பது இது: புரோரெஸ் 422 எச்க்யூவில் ஒரு எம்ஓவி, வாலில் எழுத்தில்லாத ஷாட்கள், உள்ளே எட்டு ஒலி டிராக், எல்லாம் சேர்ந்து 78 ஜிபி. பக்கத்தில் 4444 டைட்டில்கள், பார்ப்பதற்கு ஒரு எம்பி4, செக்சம் ஃபைல், அப்புறம் எந்த டிராக்கில் என்ன ஒலி, எழுத்தில்லாத ஷாட்கள் எந்த டைம்கோடில் தொடங்குகின்றன, எந்த எழுத்துரு என்று சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு பக்கம். இந்த ஃபோல்டர் அப்படியே இரண்டு தனித்தனி டிஸ்க்கில், இரண்டும் ஒரே அலமாரியில் இல்லாமல்.